யாருக்கு, யாரிடமிருந்து, எவ்வளவு

ஜவுளிக்கடையில் கிஃப்ட் கார்டு வாங்கினால் அதை ஒரு மடிப்பு உறையில் வைத்துத் தருகிறார்கள். வழவழப்பான தாள், மேலே பொன்னிறத்தில் கடையின் பெயர், உள்ளே கார்டைச் செருக ஒரு வெட்டு. எதிர்ப்பக்கத்தில் மூன்று கோடுகள்: யாருக்கு, யாரிடமிருந்து, எவ்வளவு. நான் பார்த்த உறைகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே மூன்று கோடுகள்தான். கொஞ்ச காலமாக அவை என்னை உறுத்திக்கொண்டிருக்கின்றன. பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, ஏன் என்பதற்கு மட்டும் இடமில்லை. ‘எவ்வளவு’ என்று எழுத இடம் ஒதுக்கியவர்களுக்கு ‘எதற்காக’ என்பது தோன்றவே இல்லையா, அல்லது அது கொடுப்பவரின் வேலை, அச்சகத்தின் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்களா? இரண்டாவதுதான் காரணம் என்றால் அவர்கள் விட்டுவைத்தது சரியே. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அந்த வேலையைச் செய்வதில்லை. மூன்று கோடுகளையும் நிரப்பிவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் ‘வாழ்த்துகள்’ என்று எழுதி மூடிவிடுகிறோம். வாங்கியவரும் உறையைத் திறந்தவுடன் தொகையைத்தான் பார்க்கிறார். வேறு எதைப் பார்ப்பார்?

மொய் உறையிலும் இவைதானே இருக்கின்றன என்று கேட்கலாம். பெயர், ஊர், தொகை. அதையே மொய் நோட்டிலும் எழுதுகிறார்கள். ஆனால் மொய்க்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். போன கல்யாணத்தில் அவர்கள் செய்தார்கள், இப்போது நாம் செய்கிறோம், அடுத்த காதுகுத்தில் அது திரும்பி வரும். அந்தக் கணக்கே உறவு. அதனால்தான் நூறோடு நிறுத்தாமல் ஒரு ரூபாய் நாணயத்தையும் உறையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். தொகை பூஜ்யத்தில் முடியக் கூடாது, போக்குவரத்து அறுந்துவிடக் கூடாது. கிஃப்ட் கார்டில் பெரும்பாலும் அந்த ஒரு ரூபாய்க்கு வழியில்லை. ஐநூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று முழுத் தொகையாகவே இருக்கும். அதைவிட முக்கியமானது, நாம் கார்டு கொடுப்பவர்கள் பெரும்பாலும் மொய் உறவில் இல்லாதவர்கள். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர், பணி ஓய்வு பெறும் அலுவலகத் தோழர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண். அவர்கள் திருப்பிச் செய்ய நாள் எதுவும் கிடையாது, செய்ய வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் இல்லை. திரும்பி வரப்போகாத ஒன்றைக் கொடுக்கும்போது, ஏன் கொடுக்கிறோம் என்று சொல்லாவிட்டால் அது என்னவாகப் போய்ச் சேரும்? போனஸாகவா, டிப்ஸாகவா, தர்மமாகவா? கைக்குப் போகும் காசு ஒன்றே. கைக்குள் போன பிறகு அது என்ன என்பதுதான் மாறுகிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், உங்களுக்கு வந்த பரிசின் விலை எவ்வளவு இருக்கும், அது உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று கேட்டார். கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கியவரிடம் போய்ச் சேராமலே வீணாகிறது என்பது அவர் கண்ட முடிவு. பரிசுப்பொருளைவிடப் பணம் மேல் என்று சொல்ல இந்தக் கட்டுரையை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். பணத்துக்கும் பொருளுக்கும் நடுவில் நிற்கும் கிஃப்ட் கார்டுக்கும் அதுவே நியாயமாகிவிடுகிறது. எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அந்தப் பரிசின்மேல் உள்ள பாசத்தைக் கணக்கில் சேர்க்காமல் அதன் மதிப்பைச் சொல்லுங்கள் என்றே அவர் மாணவர்களிடம் கேட்டார். அளக்க முடியாததை ஒதுக்கிவைத்துவிட்டு அளந்தார். ஆய்வாளருக்கு அது நியாயம். ஆனால் அவர் ஒதுக்கிவைத்ததும் கடையின் உறையில் இடம் கிடைக்காததும் ஒன்றுதான். கார்டோடு வைக்கும் குறிப்பு நிரப்ப வேண்டிய இடமும் அதுவே.

பிரிட்டனில் 1932இல் புத்தக டோக்கன் என்ற ஏற்பாடு தொடங்கியது. சாட்டோ அண்டு விண்டஸ் பதிப்பகத்தைச் சேர்ந்த ஹரால்டு ரேமண்டின் யோசனை அது. யாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று தெரியாததால் பலர் புத்தகமே பரிசளிப்பதில்லை. ஆகவே தொகையைக் கொடுங்கள், புத்தகத்தை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். கடைக்காரர் ஒரு சிறு தபால்தலை போன்ற சீட்டை வாழ்த்து அட்டைக்குள் ஒட்டித் தருவார். அங்கே முதலில் இருந்தது வாழ்த்து அட்டை, தொகை அதன்மேல் ஒட்டப்பட்டது. இன்றைய பிளாஸ்டிக் கார்டில் வரிசை தலைகீழாகிவிட்டது. தொகையே பொருள், வாழ்த்து அதன் உறை. நான் பழைய ஏற்பாடு திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து நாமே அதைத் திருப்பிவிடலாம் என்பது மட்டும்தான் என் எண்ணம்.

என் தோழி ஒருத்தி அப்படி ஒரு தாளை எழுத உட்கார்ந்ததை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் இருக்கும் சிக்கல் எல்லாம் அந்த ஒரு தாளிலேயே வந்துவிட்டது. அவள் அப்பாவுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஓராண்டுக்கு மேல் ஒரு பெண் பகல் முழுக்க வந்து அவரைப் பார்த்துக்கொண்டார். ஏஜென்சி மூலம் வந்தவர், நாற்பதை நெருங்கும் வயது, இரண்டு பிள்ளைகள். தோழியை அக்கா என்று கூப்பிடுவார், தோழி அவரை நீ என்று பேசுவாள். அப்பா இறந்த பிறகு, காரியம் எல்லாம் முடிந்து அந்தப் பெண் கடைசியாகச் சம்பளம் வாங்க வரும் நாளில் ஜவுளிக்கடை கார்டு ஒன்றைக் கொடுக்கத் தோழி முடிவுசெய்தாள். நீ எழுதுகிறவள்தானே, இரண்டு நல்ல வரி எழுதிக்கொடு என்று என்னிடம் கேட்டாள். நான் எழுதிக்கொடுக்கவில்லை. என் வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது அந்த வீட்டுக்குள் நடக்காத ஒருத்தியின் வரி. கூட உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

முதலில் பேசியது பணத்தைப் பற்றி. சம்பளப் பாக்கியையும் கூடுதலாகக் கொடுக்க நினைத்த ஒரு மாதச் சம்பளத்தையும் ரொக்கமாகத் தனி உறையில் போட்டு, முதலில் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். திடீரென்று வேலை போகிறவருக்கு அடுத்த இடம் கிடைக்கும்வரை வீட்டு வாடகை இருக்கிறது, பள்ளிக் கட்டணம் இருக்கிறது. அதை எந்தக் கார்டாலும் கட்ட முடியாது. கடைகள் தங்களுக்கென்று கொடுக்கும் கார்டு அந்தக் கடையில் மட்டுமே செல்லும்; பணமாக மாற்ற முடியாது. வங்கியிலும் அதுபோன்ற நிறுவனங்களிலும் வாங்கும் கிஃப்ட் கார்டுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு: 10,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, குறைந்தது ஓராண்டு செல்ல வேண்டும், ஆனால் அதிலிருந்தும் ரொக்கம் எடுக்க முடியாது. கொடுக்க வேண்டியதைக் கார்டாகக் கொடுத்து, அதற்குள் உருக்கமான ஒரு தாளை வைப்பது, பணத்துக்குப் பதில் வார்த்தையைக் கொடுப்பது. வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு நம் ஊரில் காலகாலமாக இது நடக்கிறது. கணக்கு முழுதாகத் தீர்ந்த பிறகுதான் பரிசுக்கே இடம், பரிசு இருந்தால்தான் குறிப்புக்கு இடம். அந்த வரிசை தப்பினால் எந்த வரியும் அதைக் காப்பாற்றாது.

பிறகும் ஒரு கேள்வி இருந்தது, அது இன்னும் எனக்குத் தீரவில்லை. ரொக்கத்தோடு கார்டு எதற்கு, அதையும் ரொக்கமாகவே சேர்த்துக் கொடுத்தால் என்ன? தோழி சொன்ன பதில், காசாகக் கொடுத்தால் அது வட்டிக்கும் கட்டணத்துக்கும் போய்விடும், அவளுக்கென்று ஒன்றும் மிஞ்சாது. அது உண்மை. ஆனால் ஒருவருடைய காசு எதற்குப் போக வேண்டும் என்று நாம் யார் தீர்மானிக்க? விவியானா ஸெலிஸர் என்ற சமூகவியலாளர் 1994இல் பணத்தின் சமூகப் பொருளைப் பற்றி எழுதிய நூலில், மனிதர்கள் எல்லாப் பணத்தையும் ஒரே பணமாகப் பார்ப்பதில்லை, இது வாடகைக்கு, இது பிள்ளைக்கு, இது தனக்கு என்று பிரித்துக் குறி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று காட்டுகிறார். அஞ்சறைப்பெட்டியில் காசு ஒளித்து வைத்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்டு என்பது கொடுக்கிறவர் போடும் குறி. வாங்குகிறவருக்குச் சில சமயம் அது ஒரு பாதுகாப்பு. வேறு யாரும் கேட்க முடியாத பணம். சில சமயம் அது ஒரு கட்டளை. எது என்பதைக் குறிப்பின் ஒரு வரி பெரும்பாலும் முடிவுசெய்துவிடுகிறது. அதனால்தான் அந்த வரிக்காக நாங்கள் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம்.

தோழி தானாக எழுதிய முதல் வடிவம் இது: “எங்கள் அப்பாவை உன் சொந்த அப்பாவைப் போலப் பார்த்துக்கொண்டாய். நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி. இந்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டோம்.” மூன்று வாக்கியமும் அன்பில் பிறந்தவை. ஆனால் ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணைக் கொஞ்சம் மறைக்கிறது. அவருக்கு ஊரில் சொந்த அப்பா இருக்கிறார். இங்கே வேலைக்கு வந்ததால் அவரைப் பார்த்துக்கொள்ள முடியாமல் இருக்கிறார். அவரிடம் போய் சொந்த அப்பாவைப் போல என்றால் அந்த இடம் வலிக்கும். மேலும் அவர் செய்தது மகளின் கடமை இல்லை. கற்றுச் செய்த ஒரு தொழில். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது பாசத்தால் மட்டும் வருவதில்லை. குடும்பத்தில் ஒருத்தி என்பதும் அப்படித்தான். குடும்பத்தில் இருப்பவர் ஒரு நாள் வராவிட்டால் நாம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. அந்த வாக்கியம் உண்மையாக இல்லை, உண்மையில்லை என்று வாங்குபவருக்குத் தெரியும். மறக்க மாட்டோம் என்பது இனிமேல் நடக்க வேண்டியதைப் பற்றிய வாக்குறுதி. நன்றிக்குறிப்பில் வாக்குறுதிக்கு வேலை இல்லை. ஏற்கெனவே நடந்ததுதான் அங்கே வர வேண்டும்.

நான் அவளிடம் கேள்விகள் கேட்டேன். அவள் செய்ததில் நீ மட்டும் பார்த்தது என்ன? வேறு யாரும் செய்யாததை அவள் செய்தது எந்த நாள்? முதலில் பொதுவாகவே பதில் வந்தது: பொறுமை, சிரித்த முகம், நேரந்தவறாமை. இந்தச் சொற்களை எந்தப் பணியாளருக்கும் எழுதலாம் என்பதே இவற்றின் குறை. பிறகு, தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்து, அவள் ஒன்றைச் சொன்னாள். அப்பாவுக்குப் பேச்சு போன பிறகு ஒரே சொல்தான் மிஞ்சியது: ‘சரி’. மூளையில் மொழி இருக்கும் பகுதி அடிபட்டவர்களில் சிலருக்கு இப்படி ஒற்றைச் சொல் மட்டும் நின்றுவிடும். சொல்ல நினைப்பது எதுவானாலும் அந்தச் சொல்லாகவே வெளியே வரும். இன்னொரு தோசை வேண்டுமா என்றால் சரி, வலிக்கிறதா என்றால் சரி, போதுமா என்றால் சரி. பிள்ளைகள் எல்லோரும் அவர் ஒத்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் சில சமயம் கரண்டியைப் பாதியில் நிறுத்திவிடுவார். “ஐயாவுக்கு வேணாமாம்” என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், “இந்தச் சரி வேறக்கா” என்பார். தோழி இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுத வேண்டியது கிடைத்துவிட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

ஆனால் அதை வைத்து அவள் எழுதிய இரண்டாம் வடிவம் ஒன்றரைப் பக்கத்துக்குப் போனது. ஆஸ்பத்திரி, கடைசி இரவு, தான் வெளியூரில் இருந்தது, அண்ணனோடு நடந்த வாக்குவாதம். எழுதும்போது அழுதாள், அழ வேண்டியதும் இருந்தது. அந்தத் தாள் வீணில்லை. அவளுடையது, அவளிடமே இருக்க வேண்டியது. அதைக் கார்டுக்குள் வைத்தால் பரிசு வாங்க வந்த பெண் தோழியைத் தேற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். ஓராண்டுக்கு மேல் அந்த வீட்டின் துயரத்தைத் தாங்கியவருக்கு, விடைபெறும் நாளில் இன்னும் கொஞ்சம் தாங்கக் கொடுப்பது நியாயமா? குறிப்பு எழுதும்போது நம்மைப் பற்றிய வாக்கியங்கள் எங்கே பெருகுகின்றன என்று பார்த்தால் இது பிடிபட்டுவிடும். ‘நான்’ என்று தொடங்கும் வரிகள் ‘நீ’ என்று தொடங்கும் வரிகளைத் தாண்டினால் அது வேறு கடிதமாகிவிட்டது.

நீ என்பதா நீங்கள் என்பதா என்பதும் பெரிய விவாதமாயிற்று. பேச்சில் நீ என்பவரிடம் தாளில் நீங்கள் என்றால் திடீரென்று கதவைச் சாத்தியது போல இருக்கும் என்றாள் தோழி. எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. பேசும் ‘நீ’க்குள் குரல் இருக்கிறது, கண் இருக்கிறது, தாளில் அவை இல்லை. அந்தத் தாளை அவர் வீட்டில் கணவர் படிப்பார், பள்ளியில் படிக்கும் மகள் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அம்மாவை ஒரு வீட்டுக்காரம்மா நீ, உனக்கு என்று எழுதியிருப்பது மகள் வாயில் எப்படி ஒலிக்கும்? கடைசியில் தோழி ‘நீ’யையே வைத்துக்கொண்டாள், ஆனால் மேலே பெயரை எழுதி, கீழே தன் பெயருக்குப் பதில் ‘அக்கா’ என்று முடித்தாள். அக்கா என்ற கையெழுத்து அந்த ‘நீ’யை வீட்டுக்காரம்மாவின் ‘நீ’யாக இல்லாமல் ஆக்குகிறது. அவள் முடிவு என் யோசனையைவிட மேலானது. இப்படி ஒரு விஷயத்தில் வெளியாள் சொல்வதை ஓர் எல்லைவரைதான் கேட்கலாம்.

இன்னொரு வரியை நாங்கள் எழுதி அடித்தோம். “உனக்கு நல்ல புடவை ஒன்று எடுத்துக்கொள்.” கேட்க எவ்வளவு இயல்பாக இருக்கிறது. ஆனால் ஜவுளிக்கடைக் கார்டே, ‘உன் புடவையைப் பார்த்தோம்’ என்று பாதி சொல்லிவிடுகிறது. நல்ல புடவை என்று எழுதினால் மீதியும் சொன்னதாகிவிடும். ஒருவர் செய்த செயலைக் கவனித்தோம் என்று எழுதலாம், அது மரியாதை. ஒருவருடைய குறையைக் கவனித்தோம் என்று எழுதக் கூடாது, அது எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் சுடும். கார்டோடு போகும் குறிப்பில் இந்த இரண்டும் மிகப் பக்கத்தில் இருக்கின்றன. ‘பிள்ளைகள் படிப்புக்கு உதவும்’, ‘கஷ்டத்துக்குக் கைகொடுக்கும்’ போன்ற வரிகள் எல்லாம் குறையைச் சொல்லும் பக்கத்தைச் சேர்ந்தவை.

நின்ற வடிவம் இதுதான். மேலே அவர் பெயர். பிறகு: “அப்பாவுக்கு ஒரே சொல்தான் மிஞ்சியிருந்தது. அவர் சரி என்றால் நாங்கள் சரி என்றே எடுத்துக்கொண்டோம். அதில் எது வேண்டாம் என்று உனக்கு மட்டும் கேட்டது. அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளக் கடைசி வரை ஓர் ஆள் பக்கத்தில் இருந்தார். இந்தக் கார்டு உனக்கு. உனக்கோ பிள்ளைகளுக்கோ ஊரில் அப்பாவுக்கோ, எதை எடுத்தாலும் உன் விருப்பம். என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. – அக்கா.” நன்றி என்ற சொல் இதில் இல்லை, கொடுக்கும்போது வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் தோழி. ‘எதை எடுத்தாலும் சரி’ என்றுதான் முதலில் எழுதினாள். அந்தச் சொல் அப்பாவுடையது என்று பட்டதால் ‘உன் விருப்பம்’ என்று மாற்றினாள். ‘சொல்ல வேண்டியதில்லை’ என்பது கடுமையாகத் தெரிகிறதோ என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. ஆனால் இந்த வரிதான் கார்டின் கட்டளையை எடுத்துவிடுகிறது. பரிசு வாங்கியவர்கள் அதைக் கொண்டு என்ன வாங்கினோம் என்று கொடுத்தவரிடம் காட்டியாக வேண்டும் என்ற சங்கடத்தோடு இருப்பார்கள். கொடுத்தவரும் அடுத்த முறை பார்க்கும்போது புடவை எடுத்தியா என்று கேட்பார். அந்தக் கேள்வியைத் தான் கேட்கமாட்டேன் என்று தோழி முன்னாலேயே எழுதிக்கொடுத்தாள்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வரி மோசமான தாளில் அழிந்துபோகும். கடை உறையின் வழவழப்பில் ஜெல் பேனா மை உடனே காயாது. கட்டைவிரல் பட்டதும் இழுபடும். அங்கே எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் பந்துமுனைப் பேனா பரவாயில்லை, ஆனால் தனித் தாளே நல்லது. கார்டின் அளவு உலகமெங்கும் ஏடிஎம் கார்டின் அளவுதான், 85.6 மில்லிமீட்டர் நீளம், 54 அகலம். ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் வரும் ஒரு துண்டை நடுவில் ஒருமுறை மடித்தால் 105க்கு 74 மில்லிமீட்டர். கார்டு அதற்குள் ஓரம் தெரியாமல் உட்காரும். அந்தத் துண்டின் உட்பக்கத்தில் நிதானமான கையெழுத்தில் ஆறேழு வாக்கியம்தான் பிடிக்கும், தாளே ஒரு வரம்பைப் போட்டுவிடுகிறது. தோழியின் குறிப்பு அதில் சரியாக அடங்கியது. கார்டைத் தாளோடு ஸ்டேப்ளர் பின்னால் குத்தக் கூடாது. பின்பக்கம் சுரண்டிப் பார்க்க வேண்டிய எண்ணின்மேல் பசையோ டேப்போ ஒட்டக் கூடாது. உரிக்கும்போது எண்ணும் போய்விடும். தொகையும் செல்லும் கடைசித் தேதியும் வாங்குபவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் குறிப்புக்குள் எழுதினால் படிக்கிறவர் கண் அங்கேதான் போகும். உறையில்தான் கோடு போட்டு வைத்திருக்கிறார்களே, தொகையை அங்கே எழுதலாம், கடைசித் தேதியைப் பெரிய எண்ணில் பின்னால் எழுதலாம்.

குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் தோற்கடிக்கக்கூடிய ஓர் இடம் உண்டு: கடையின் பில் போடும் மேசை. பெரும்பாலான கடைகளில் கார்டை நமக்கு விற்றுப் பில் போடும்போதுதான் அது உயிர்பெறும். அது நடக்காமல் போனால், துணியெல்லாம் எடுத்து வரிசையில் நின்று கார்டை நீட்டும்போது செல்லவில்லை என்று திருப்பிக் கொடுப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கையில் ரொக்கம் இல்லாத ஒரு பெண்ணுக்கு அது என்ன அவமானம் என்று யோசித்துப் பார்த்தால், கார்டில் பணம் ஏறியிருக்கிறதா என்று கொடுக்கும் முன் கடையிலேயே ஒருமுறை கேட்டுப் பார்ப்பதும், வாங்கிய பில்லை எடுத்துவைப்பதும் குறிப்பின் ஒரு பகுதிதான் என்று தெரியும். ஒரே தடவையில் முழுத் தொகைக்கும் வாங்கிவிட வேண்டுமா, மீதி அடுத்த தடவைக்கு நிற்குமா, எந்தக் கிளையில் செல்லும் என்பதைக் கடைகள் தங்கள் இஷ்டப்படி வைத்திருக்கின்றன. இதைக் கேட்டு வந்து, கொடுக்கும்போது வாயால் சொல்லிவிட வேண்டும். தோழி கேட்டு வந்தாள்; மீதி நிற்கும் என்றார்கள்.

அவள் இன்னொரு தாளும் எழுதினாள், அதைப் பற்றிக் குறிப்பை எழுதும்வரை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. அந்தப் பெண் அடுத்த வீட்டுக்கு வேலைக்குப் போகும்போது காட்டக்கூடிய சான்றுக் கடிதம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன நோயாளி, என்னென்ன செய்தார், குழாய் வழியாக உணவு கொடுக்கத் தெரியும், படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார், விசாரிக்க வேண்டுமென்றால் இந்த எண். முழுப்பெயரும் கையெழுத்தும் போட்டாள். அங்கே அக்கா இல்லை, நீ இல்லை. அந்தக் கடிதத்தையும் குறிப்பையும் ஒன்றாக்கியிருந்தால் இரண்டும் கெட்டிருக்கும். அடுத்த வீட்டில் வேலை வாங்கித் தருவது சான்றுக் கடிதம். அப்பாவின் ‘சரி’யைப் பற்றி அந்த வீட்டுக்காரர்களுக்கு எதற்கு?

பலரும் இப்போது கார்டை அட்டையாகவே வாங்குவதில்லை, செல்பேசியில் அனுப்பிவிடுகிறார்கள். செய்தி எழுத ஒரு சிறு பெட்டி கொடுக்கிறார்கள், முன்னும் பின்னும் கடையின் விளம்பரம். அந்தப் பெட்டியில் பெயரை மட்டும் எழுதிவிட்டு, கையால் எழுதிய குறிப்பைப் படம் பிடித்துத் தனியாக அனுப்பலாம், முடிந்தால் நேரில் கொடுக்கலாம். ஒருவர் செய்த செயலைப் பற்றிய வரி தள்ளுபடி அறிவிப்புக்கு நடுவில் போய்ச் சேர வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. எல்லோரைப் பற்றியும் அப்படி ஒரு ‘சரி’ நமக்குக் கிடைக்காது. ஆண்டுக்கணக்கில் நம் வீட்டுக்கு வந்து போனவரைப் பற்றி உட்கார்ந்து யோசித்தும் அவர் மட்டுமே செய்ததாக ஒன்றுகூட நினைவுக்கு வராமல் போகலாம். அது அவர் குறையில்லை, நாம் பார்க்கவில்லை. அந்த நிலையில் பொதுவான நல்ல வார்த்தைகளைத் தேடி எழுதி அந்த இடத்தை மூடாதீர்கள். அவரோடு தினமும் இருந்தவர்களிடம், வீட்டுப் பெரியவரிடம், பிள்ளைகளிடம் கேளுங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் பார்த்திருப்பார். யாருமே பார்த்திருக்கவில்லை என்றால் கார்டு வாங்க வேண்டாம். அந்தத் தொகையை ரொக்கமாக, சம்பளத்துக்கு மேல் தனியாக எண்ணி, இரண்டு கையாலும் கொடுத்துவிடுங்கள்.